மணி அடித்த பிறகு

பிரிட்டனின் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ வினாடி வினாவில் முடிவை முதலில் சொல்வது ஒரு மணிதான். அது ஒலித்தால் கேள்வி பாதியில் இருந்தாலும் நின்றுவிடும். பிறகு நடத்துபவர் இரு அணிகளின் மதிப்பெண்களையும் வாசிப்பார். அடுத்து அவர் பேசுவது பெரும்பாலும் தோற்றவர்களிடம்தான். அவர்களுக்கு ஆறுதலும் நன்றியும் சொல்லிவிட்டே வென்றவர்களின் பக்கம் திரும்புவார். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். கைதட்டல் எழுந்துவிட்டால் தோற்றவர்களுக்குச் சொல்வது யார் காதிலும் விழாது.

சில வரிகளில் முடிந்துவிடும் இந்தப் பேச்சைப் பின்னால் திருத்த முடியாது. 2009 பிப்ரவரியில் ஒளிபரப்பான இறுதிப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி 275, மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 190. நடத்தியவர் ஜெரமி பாக்ஸ்மன். கார்ப்பஸ் கிறிஸ்டிக்கே கோப்பை என்று நாடே பார்த்தது.

ஆனால் இந்தத் தொடர் பல மாதங்களாகப் பதிவாகிறது. அணியில் ஒருவர் இடையில் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தார். போட்டியாளர் தொடர் முழுவதும் மாணவராக இருக்க வேண்டும் என்பது விதி. மார்ச் தொடக்கத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது, பட்டம் மான்செஸ்டருக்குப் போனது.

அந்த அணித் தலைவி கெய்ல் டிரிம்பிள் சொன்ன சரியான பதில்கள் இதனால் தவறாகிவிடவில்லை. விதி மீறல் அறிவில் அல்ல, சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது. வெற்றி பெற்ற மான்செஸ்டர் மாணவர்களோ, அரங்கில் தோற்றவர்களுக்கான ஆறுதலை மட்டுமே கேட்டவர்கள்.