சித்தப்பாவின் சீகோ 5: ஒரு விற்பனைக் குறிப்பு

பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் விற்பவர்கள் எல்லோரும் எழுதும் ஒரு வரி உண்டு: "நல்ல கண்டிஷன், நன்றாக ஓடுகிறது." எந்த ஆட்டோமேட்டிக் வாட்ச்சையும் கையில் எடுத்து நாலு தடவை ஆட்டினால் ஓடத்தான் செய்யும். உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று மெயின் ஸ்பிரிங்கைச் சற்றே முறுக்கிவிடும், முள் நகரும். எண்ணெய் வற்றி, அச்சு தேய்ந்துகொண்டிருக்கும் வாட்ச்சும் அப்படித்தான் ஓடும். அதனால் அந்த ஒரு வரியை வைத்து வாங்குபவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

போன மாதம் என் சித்தப்பாவின் சீகோ 5 வாட்ச்சுக்கு விற்பனைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். துபாயில் வேலை பார்த்தபோது அங்கே வாங்கியது. ஒரு தாளை மூன்றாகப் பிரித்தேன். நானே பார்த்து அளந்தது ஒரு பத்தி, பிறர் சொல்லிக் கேட்டது ஒரு பத்தி, எனக்குத் தெரியாதது ஒரு பத்தி. நேர்மையான குறிப்பு என்பது இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் வயது. பின்மூடியில் ஆறு இலக்க வரிசை எண் இருக்கிறது. சீகோவில் அதன் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். எங்களுடையது 82 என்று தொடங்குகிறது. ஏதோ ஒரு எட்டாம் ஆண்டின் பிப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது. உள்ளே இருப்பது 7எஸ்26 என்ற இயந்திரம். அது 1996-ல்தான் வந்தது, ஆகவே 1988 ஆக முடியாது. 1998-ஆ, 2008-ஆ, 2018-ஆ? 1998 கடைசியில் லீவுக்கு வந்தபோது கட்டிக்கொண்டு வந்ததாகச் சித்தப்பா சொல்கிறார். கிழமைத் தட்டில் ஆங்கிலத்தோடு அரபியும் இருப்பது வளைகுடா விற்பனைக்கானது என்பதற்குப் பொருந்துகிறது. கடை ரசீது இல்லை. அதனால் "1998 பிப்ரவரி" என்று உறுதியாக எழுதவில்லை. "வரிசை எண் 82 எனத் தொடங்குகிறது, 1998-ல் வாங்கியதாக உரிமையாளர் சொல்கிறார்" என்றே எழுதினேன்.

அடுத்து டயல். பழைய சீகோ வாங்குவோர் முதலில் பயப்படுவது இதற்குத்தான். மும்பைச் சந்தையிலிருந்து மறுபடி பெயின்ட் அடித்த டயலோடு ஏராளமான சீகோ வாட்ச்சுகள் வருகின்றன. கண்ணைப் பறிக்கும் நிறம், தடித்த எழுத்து. அடையாளம் காண ஒரு வழி உண்டு. டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, இயந்திர எண்ணில் தொடங்கும் பொடிக் குறியீடு இருக்கும். மறுபெயின்ட் டயலில் அது பெரும்பாலும் இருக்காது, அல்லது உள்ளே இருக்கும் இயந்திரத்தோடு பொருந்தாது. எங்கள் டயலில் குறியீடு படிக்கக்கூடிய அளவில் இருக்கிறது. அதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். கண்ணாடி மட்டும் ஒருமுறை மாற்றியது. போட்டது சீகோ தயாரிப்பு அல்ல, அதையும் எழுதினேன். பின்மூடியின் ஓரத்தில் கருவி வழுக்கிய இரண்டு கீறல்கள் இருக்கின்றன. அவை தெரியும்படி சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்தேன். நேர் வெளிச்சம் கீறலை விழுங்கிவிடும்.

இனி சர்வீஸ். குறிப்புகளில் அதிகம் தவறாகப் பயன்படும் சொல் இதுதான். முழு சர்வீஸ் என்றால் இயந்திரத்தைத் திருகு திருகாகப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெயையோ கிரீஸையோ வைத்து, திரும்பப் பூட்டி, ஓட்டத்தைச் சரிசெய்வது. வேகமாகச் சுழலும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாக நகரும் இடங்களுக்குக் கெட்டியானது. மூடியைத் திறந்து வேகம் கூட்டும் குறைக்கும் நெம்புகோலை மட்டும் தள்ளிவிட்டுத் தருவதையும் சில இடங்களில் சர்வீஸ் என்றே சொல்கிறார்கள். 2011-ல் சித்தப்பா ஒரு கடையில் கொடுத்ததற்குச் சீட்டு இல்லை. "எண்ணெய் போட்டார்கள்" என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அது கேட்ட பத்திக்குப் போனது. 2019-ல் முழுதாகப் பிரித்துச் செய்ததற்கு பில் இருக்கிறது, பின்மூடி ரப்பர் வளையம் மாற்றியதும் அதில் உண்டு. தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யவில்லை. பின்மூடியில் நீர்புகா என்று பொறித்திருப்பது புதிதாக இருந்த நாளுக்கான உறுதி. அதனால் "இதைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம்" என்று தனி வரியாக எழுதினேன்.

ஓட்டம் பற்றிச் சொல்ல, அளக்கும் கருவி ஒன்று வேண்டும். டைம்கிராஃபர் என்பார்கள். அதன் மைக், வாட்ச்சின் டிக் ஒலியைக் கேட்கிறது. 7எஸ்26 வினாடிக்கு ஆறு முறை அடிக்கும். ஒரு நாளில் எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்ற இரண்டும் திரையில் வரும். இந்த இயந்திரத்துக்கு லிஃப்ட் ஆங்கிள் 53 என்று கருவியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வீச்சுக் கணக்குப் பிசகும். இதில் விற்பவர் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. முழுதும் முறுக்கேறிய நிலையில், டயல் மேலே பார்க்க, ஒரே ஒரு அளவு எடுத்துக் காட்டுவது. அந்த நிலையில் எந்த வாட்ச்சும் கொஞ்சம் அழகாகவே தெரியும்.

7எஸ்26-க்குச் சாவி கொடுக்க முடியாது, கையில் கட்டித்தான் முறுக்க வேண்டும். அதனால் ஒரு நாள் முழுக்கக் கட்டிவிட்டு அளந்தேன். டயல் மேலே இருக்கையில் நாளுக்கு 14 வினாடி முந்தல், வீச்சு 232 டிகிரி. சாவி கீழே இருக்கும்படி நிறுத்தினால் 6 வினாடி பிந்தல், வீச்சு 211. கழற்றி வைத்து 24 மணி நேரம் கழித்து, டயல் மேலே இருக்கையில் 198. நாளுக்கு 20 வினாடி பிந்துவதிலிருந்து 40 முந்துவது வரை இந்த இயந்திரத்துக்கு நிறுவனமே அனுமதித்த எல்லை. எங்களுடையது அதற்குள் வருகிறது. ஆனால் ஒரு நாளில் வீச்சு இருநூறுக்குக் கீழே இறங்குவதால், எண்ணெய் வயதாகிவிட்டது, அடுத்த சர்வீஸை அதிகம் தள்ளிப்போட முடியாது என்று எடுத்துக்கொண்டேன். குறிப்பிலும் அப்படியே எழுதினேன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கழற்றியது திங்கள் காலை பத்துக்கு நின்றது, 38 மணி நேரம். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு.

தெரியாத பத்தியில் மூன்று வரி. கேஸை யாராவது பாலிஷ் போட்டார்களா என்று தெரியாது. விளிம்புகள் கூர்மையாகத்தான் இருக்கின்றன. 2011-ல் உள்ளே என்ன செய்தார்கள், பாகம் ஏதும் மாற்றினார்களா என்று தெரியாது. செயினில் ஒரு கண்ணி குறைகிறது, எங்கே போனதென்று தெரியாது. பெரிய மணிக்கட்டுக்குப் போதாது.

சித்தப்பா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குறை எழுதினா யாருடா வாங்குவான்?" என்றார். வாங்க வந்தவர் பேரம் பேசியது ஒரே இடத்தில்தான், அடுத்த சர்வீஸ் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொன்னார். அது நியாயம், கழித்துக் கொடுத்தோம்.

நீங்கள் பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: பின்மூடியைத் திறந்து எடுத்த இயந்திரம், டயலின் அடிவிளிம்பு, கழற்றி வைத்து ஒரு நாள் கழித்து எடுத்த டைம்கிராஃபர் திரை. மூன்றாவது படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.