செம்பனை ஓலையும் விரல்நுனி எதிரியும்

கோலசிலாங்கூர் தோட்டத்துச் செம்பனை ஓலையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டுமா? முதலில் உங்கள் விரல்களைச் சந்தேகியுங்கள். தோலிலுள்ள ரிபோநியூக்ளியேஸ் நொதி ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும், ஆறியதும் மீண்டும் வேலைக்கு வந்துவிடும்! கையுறை அதற்காகத்தான்.

ஓலைக்குள்ளும் இந்நொதி உண்டு. ஆகவே ஓலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி, உருகும் முன்பே குவானிடினியம்-பீனால் கரைசலில் போடுவார்கள். குவானிடினியம் நொதியின் உருவத்தையே குலைத்துவிடும். குளோரோஃபார்ம் கலந்து வேகமாகச் சுழற்றினால், மேலடுக்கு நீரில் ஆர்.என்.ஏ. நிற்கும், கரைசல் அமிலத்தன்மை கொண்டதால் டி.என்.ஏ. கீழே தங்கிவிடும். மேலடுக்கை மட்டும் உறிஞ்சி, ஐசோபுரோப்பனால் சேர்த்து ஆர்.என்.ஏ.வைப் படியவைப்பார்கள்.

பிறகு அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ரிபோசோம் ஆர்.என்.ஏ.வின் இரு பட்டைகளும் கூர்மையாக, பெரியது கூடுதல் பிரகாசமாக இருந்தால் நல்லது. பச்சை ஓலையில் பசுங்கணிகத்தின் சிறு பட்டைகளும் தெரியும், அது சிதைவல்ல. பட்டைகள் மங்கி, கீழே புகைபோல் இழுபட்டிருந்தால் நொதி வென்றுவிட்டது. வேறு ஓலை வெட்ட வேண்டியதுதான்.