உருளை பின்னால் போகிறதா, முன்னால் போகிறதா?

வழுக்குத் தரையில் 2 கிலோ பலகை. அதன்மேல் 3 கிலோ திண்ம உருளை. பலகையை 6 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். பலகையில் நின்று பார்த்தால் உருளை பின்னோக்கி உருளும். தரையில் நின்று பார்த்தால் முன்னோக்கியே நகரும்.

உருளையை முன்னே தள்ளுவதும் சுழற்றுவதும் ஒரே உராய்வுதான். திண்ம உருளையில் அந்தச் சுழற்சியால் விளிம்புக்குக் கிடைக்கும் முடுக்கம், மையத்தின் முடுக்கத்தைப் போல இருமடங்கு. வழுக்காததால் தொடுமிடமும் பலகையும் சேர்ந்தே முடுகும். ஆகவே பலகையின் முடுக்கம் மையத்தினுடையதைப் போல மும்மடங்கு.

இதனால் பலகைக்கு உருளை 3 கிலோவாக அல்ல, 1 கிலோவாகவே கனக்கும். பலகையின் முடுக்கம் 6/3 = 2 மீ/வி²; உருளையினுடையது 2/3. உராய்வு 2 நியூட்டன் மட்டுமே. இங்கே பலர் μmg என்று எழுதிவிடுகிறார்கள். அது உராய்வின் உச்சவரம்பு. μ சுமார் 0.07-க்குக் கீழே போனால் உருளை வழுக்கும், இந்தக் கணக்கும் செல்லாது.