முழுத்திரை விளையாட்டும் கறுப்புப் படமும்

விண்டோஸ் கணினியில் PrtScn விசை, கண்ணுக்குத் தெரியும் திரையைப் படம் பிடிப்பதில்லை. விண்டோஸ் தொகுத்து வைத்திருக்கும் மேசைத்திரைப் படத்தைத்தான் அது நகலெடுக்கிறது. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. முழுத்திரையில் ஒரு விளையாட்டு ஓடும்போதுதான் அது வெளிப்படுகிறது.

2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா பதிப்பிலிருந்து, ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தை நினைவகத்தில் தனக்கென உள்ள இடத்தில் வரைகிறது. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் வேலையை விண்டோஸின் ஒரு பகுதி செய்கிறது. விளையாட்டுகளுக்கு இந்த இடைநிலை சுமைதான், ஏனெனில் விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான நேரம் அதனால் கூடும். ஆகவே டைரக்ட்எக்ஸ் 9, 11 காலத்து விளையாட்டுகள் பலவும் திரையைத் தனியுரிமையாக எடுத்துக்கொண்டு, தொகுப்பவரைத் தாண்டி, படச்சட்டங்களை நேரே திரைக்கு அனுப்பும். தொகுத்த படத்தில் விளையாட்டு இருக்காது. நகலெடுத்தால் கறுப்புதான் கிடைக்கும்.

2005இல் கணினிக்கு வந்த ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ டைரக்ட்எக்ஸ் 9இல் எழுதப்பட்டது. இத்தகைய பழைய விளையாட்டை முழுத்திரையில் ஓட்டி PrtScn அழுத்தி, பெயிண்ட் செயலியில் ஒட்டிப் பார்த்தால் இரண்டில் ஒன்று நேரலாம். படம் முழுக்கக் கறுப்பாக இருந்தால், மேலே சொன்ன தனியுரிமை முழுத்திரைதான் பெரும்பாலும் காரணம். விளையாட்டு இல்லாமல் மேசைத்திரை மட்டும் படத்தில் இருந்தால் காரணம் வேறு. விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் PrtScn விசை ஸ்னிப்பிங் டூலைத் திறக்கிறது. அது முன்னுக்கு வந்ததும் விளையாட்டு தானே சுருங்கிக் கீழே போய்விட, படத்தில் பின்னணி மட்டும் பதிகிறது. முன்னதற்கு முழுத்திரையை மாற்ற வேண்டும். பின்னதற்கு அமைப்புகளில் விசையின் வேலையை மாற்றினாலே போதும். இந்தப் பாகுபாடு தெரியாமல் வரைகலை அட்டையின் இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுவது வீண் வேலை.

இரண்டுக்கும் பொதுவான வழி விண்டோஸ் 10, 11இல் உள்ள கேம் பார். மேசைத்திரையை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் படத்தையே எடுக்க உருவாக்கப்பட்டது இது. விளையாட்டுக்குள் இருந்தபடியே Windows + G அழுத்தினால் அதன் பலகை மேலே விரியும். கேமரா பொத்தான் படம் எடுக்கும். பலகையே வேண்டாம் என்றால் Windows + Alt + PrtScn போதும். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். காணொளிக்கு Windows + Alt + R, நிறுத்தவும் அதுவேதான். படம் கிளிப்போர்டில் தேங்காமல் நேரே கோப்பாகிவிடும். அதைப் பயனரின் கோப்புறையில் `Videos\Captures` என்ற இடத்தில் தேட வேண்டும். பெயிண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு ‘எடுக்கவில்லை’ என்று முடிவு கட்டுவோர் பலர்.

சில முழுத்திரை விளையாட்டுகளில் Windows + G அழுத்தியும் பலகை தெரியாது. தனியுரிமை முழுத்திரையின் மேல் வேறொன்றை வரைய முடியாததுதான் காரணம். அங்கும் குறுக்குவிசைகள் வேலை செய்யலாம். பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒரு கணம் மின்னுவது அதற்கு அடையாளம். மின்னவே இல்லையென்றால் கேம் பார் அந்தச் செயலியை விளையாட்டாக அடையாளம் காணாமலும் இருக்கலாம். சாளரத்தில் ஓடும்போது கேம் பாரின் அமைப்புகளைத் திறந்து, `Remember this is a game` என்பதைக் குறியிட வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால், விளையாட்டின் காட்சி அமைப்பில் விளிம்பில்லாச் சாளரம் என்ற முறைக்கு மாற்றுவதே உறுதியான தீர்வு. பார்வைக்கு முழுத்திரைதான், ஆனால் விளையாட்டு சாதாரணச் சாளரமாகத் தொகுப்பவரிடம் திரும்பிவிடும். பழைய PrtScn விசைகூட வேலை செய்யும். டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் பழைய வகைத் தனியுரிமை முழுத்திரையே கிடையாது என்பதால் அங்கே இந்தத் தொல்லை அரிது. விளையாட்டின் இயக்கக் கோப்பின் பண்புகளில், Compatibility தாவலில் `Disable fullscreen optimizations` குறியிடப்பட்டிருந்தால் அதை நீக்கிப் பார்ப்பதும் நல்லது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதால் குறியிட்டு, பிறகு மறந்துபோன கணினிகள் ஏராளம்.

எச்டிஆர் திரையில் எடுத்த படத்துக்குக் கேம் பார் இரண்டு கோப்புகளைச் சேமிக்கும்: ஒன்று `.jxr`, மற்றொன்று `.png`. முன்னதைப் பல கைப்பேசிகளும் செயலிகளும் திறக்காது. பிறருக்கு அனுப்ப வேண்டியது பின்னதைத்தான்.