ரூபாயில் தேடினால் சிக்காது

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் பலரும் கட்ட வேண்டிய மொத்தத் தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தவறுகள் அவற்றுக்குக் கீழே உள்ள வரிகளில்தான் இருக்கின்றன. வெளிநாட்டுச் செலவு இருக்கும் மாதத்தில் அவை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்கின்றன.

சிங்கப்பூர் ஹோட்டலில் 200 டாலர் கட்டியதாக வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்டில் 13,000 ரூபாய் என்று ஒரு வரி, இரண்டு நாள் கழித்து 13,080 என்று இன்னொரு வரி. தொகை வேறு என்பதால் கண் தாண்டிப் போய்விடும். ஆனால் இரண்டிலும் சிங்கப்பூர் டாலர் 200தான். ஒரே பில்லை ஹோட்டல் இரண்டு முறை அனுப்பியிருக்கலாம். ஒரு வரிக்கு 65 ரூபாய் வீதமும், மற்றதற்கு அன்றைய 65.40 வீதமும் விழுந்திருக்கின்றன. அதனால் இரட்டைப் பற்றைத் தேடும்போது ரூபாயை விட்டு, டாலர் தொகையையும் கடையின் பெயரையும் பாருங்கள். இரண்டு இரவுக்கு இரண்டு பில் போட்டிருந்தால் ரசீதும் இரண்டு இருக்கும். ரசீது ஒன்றுதான் என்றால் அதிலுள்ள அப்ரூவல் கோடைக் காட்டி வங்கியிடம் புகார் கொடுக்கலாம்.

அடுத்து மாற்று வீதம். ரூபாயை டாலரால் வகுத்தால் வீதம் வந்துவிடும். விசா, மாஸ்டர்கார்டு இணையதளங்களில் தேதி வாரியான வீதம் இருக்கிறது. அங்கே வாங்கிய தேதியைவிட, கணக்கில் ஏறிய தேதியைப் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் பொருந்தும். அதன்மேல் வங்கியின் மார்க்கப். அது 3.5 சதவீதம் என்றால் 455 ரூபாய். அந்த 455க்கு மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி, 81.90. முழு 13,000க்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது தவறு. டாலர் தொகையே இல்லாமல் ரூபாய் மட்டும் இருந்தால், கடையின் மெஷினே ரூபாயாக மாற்றியிருக்கிறது. அந்த வீதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். நாம் திரையில் ரூபாயைத் தேர்ந்தெடுத்திருந்தால் திரும்பப் பெறுவதும் கடினம்.

கட்டிய பணம் சரியாகச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு கணக்கு போதும். முந்தைய பாக்கியிலிருந்து வரவைக் கழித்து, புதிய செலவையும் கட்டணங்களையும் கூட்டினால் இந்த மாத மொத்தம் வர வேண்டும். முழுத் தொகையும் கட்டிய பிறகும் வட்டி என்று ஒரு வரி இருந்தால், பணம் பழைய கார்டு எண்ணுக்கோ அதே வங்கியில் உள்ள இன்னொரு கார்டுக்கோ போயிருக்கக்கூடும். யூடிஆர் எண்ணைக் கொடுத்து, பணத்தை மாற்றுவதோடு நிற்காமல், கட்டிய தேதியிலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் தாமதக் கட்டணமும், புதிய செலவுகள்மேல் ஏறிய வட்டியும் நீங்கும்.

புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம், கட்டணம் கிடையாது.