இரண்டு கால், ஒரு தூண்

கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே 1907-இல் ஒரு பெரிய எஃகுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அதன் அடிப்பகுதி உறுப்பு ஒன்று நேர்கோட்டிலிருந்து இரண்டு அங்குலத்துக்கும் மேல் விலகியிருப்பதைப் பொறியாளர்கள் அளந்து பார்த்தார்கள். என்ன செய்வது என்று முடிவாவதற்குள், 29-ஆம் தேதி மாலை பாலம் ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

விழுந்த உறுப்பில் எஃகுக்குக் குறைவில்லை. பல கனத்த தகடுகளை இணையாக நிறுத்தி, சிறு கோணப் பட்டைகளால் பின்னிக் கட்டிய உறுப்பு அது. அந்தப் பின்னல்தான் வலு போதாமல் அறுந்தது. பின்னல் விட்டதும் ஒன்றாக நின்ற தகடுகள் தனித்தனியாகி நெளிந்துவிட்டன.

தொழிற்கூடங்களில் கிரேன் ஓடும் பாதையைத் தாங்கும் தூண்களைப் பாருங்கள். இரண்டு சேனல்களை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே சாய்வுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்திருப்பார்கள். இது லேசிங். ஏணிப்படி போலக் கிடைத்தகடுகளை வைத்தால் அது பேட்டன்.

இப்படி ஏன் கட்ட வேண்டும்? ஒல்லியான குச்சியை மேலிருந்து அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே வளைந்துவிடும். எவ்வளவு எளிதில் வளையும் என்பதை மெலிவு விகிதம் சொல்கிறது. தூணின் நீளத்தை அதன் சுழற்சி ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எஃகு நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதன் அளவே சுழற்சி ஆரம். எஃகு தள்ளி நின்றால் ஆரம் கூடும், மெலிவு குறையும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தூணின் நீளம் 8 மீட்டர். இரு முனைகளும் கீல் போன்றவை. எடுத்துக்கொள்வது ஐ.எஸ்.எம்.சி. 300 சேனல். பலவீனமான அச்சில் அதன் சுழற்சி ஆரம் 26.1 மி.மீ. தான். தனியாக நின்றால் மெலிவு 8000 ÷ 26.1, அதாவது 307. சுமை தாங்கும் தூணுக்கு ஐ.எஸ். 800 விதித்தொகுப்பு தரும் உச்சவரம்பு 180. ஆக, இதைத் தூணாகவே ஏற்க முடியாது.

இரண்டு சேனல்களை முதுகுக்கு முதுகாக 200 மி.மீ. இடைவெளியில் நிறுத்திப் பின்னினால், அதே அச்சில் ஆரம் சுமார் 126 மி.மீ. ஆகிவிடும். இப்போது மறு அச்சின் 118.1 மி.மீ. தான் சிறியது, மெலிவு 67.7. பின்னலும் சிறிது நெகிழும் என்பதால், லேசிங் தூணுக்கு இதை 5 சதவீதம் கூட்டச் சொல்கிறது விதி. ஏணி முக்கோணம் போல விறைப்பாக நிற்காது. அதனால் பேட்டனுக்கு 10 சதவீதம். நம் லேசிங் தூணுக்கு 71 வருகிறது. சாதாரண 250 தர எஃகில் இந்தத் தூண் ஏறக்குறைய 1,370 கிலோநியூட்டன், அதாவது சுமார் 140 டன் தாங்கும்.

பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு இணைப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு சேனலும் தனியாள்தான். அந்தத் துண்டுக்கும் மெலிவு பார்க்க வேண்டும். அது 50-ஐத் தாண்டக் கூடாது. முழுத் தூணின் மெலிவில் 0.7 பங்கையும் தாண்டக் கூடாது. 67.7-இல் 0.7 பங்கு 47. முழுத் தூண் வளைவதற்கு முன் அதன் கால் வளைந்துவிடக் கூடாது என்பதே இதன் உட்பொருள்.

45 பாகை ஒற்றை லேசிங்கில் ஒரு சேனலின் இணைப்புகள் 600 மி.மீ.க்கு ஒன்று வரும். 600 ÷ 26.1 = 23; கவலையில்லை. பேட்டன் என்றால் 1,200 மி.மீ. வரை போகலாம், மெலிவு 46. தகடு மிச்சம் என்று 1,600 ஆக்கினால் 61. முழுத் தூணின் கணக்கு அப்போதும் சரியாகவே இருக்கும், கால்தான் கவிழ்த்துவிடும்.

பட்டைக்கும் கணக்கு உண்டு. தூண் சற்றே வளைந்தாலும் குறுக்கு விசை பிறக்கும், சுமையில் 2.5 சதவீதத்தை அதற்கு எடுக்க வேண்டும். இங்கே அது 34 கிலோநியூட்டன். இரு முகங்களுக்கும் பகிர்ந்தால் ஒரு பட்டைக்கு 24 வரும். பட்டையின் நீளம் 424 மி.மீ.; தடிமன் அதில் நாற்பதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பதால் 12 மி.மீ. தேவை. அதன் மெலிவு 122, வரம்பு 145.

குழாய் போக வழியில்லை என்று ஒரே ஒரு பட்டையை வெட்டி எடுத்தாலும், அந்த இடத்தில் முக்கோணம் உடைந்து, எதிர்முகப் பட்டை இரட்டைப் பாரம் சுமக்கும். உங்கள் கூடத்தில் இப்படிப்பட்ட தூண் இருந்தால் ஒவ்வொரு காலோடும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இணைப்புகளுக்கு நடுவே கால் நூலைவிட்டு விலகியிருந்தால், சுமையை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.