முதல் வரியில் உங்கள் பெயர் வேண்டாம்

ஃப்ரீலான்ஸ் வேலை கேட்டு முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதுகிறோம். "வணக்கம் சார், என் பெயர் இன்னது, எனக்கு ஐந்து வருட அனுபவம் உண்டு" என்று தொடங்குகிறோம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தியைத் திறக்கும் முன்பே முதல் சில சொற்கள் வெளியே தெரிந்துவிடுகின்றன. அப்வொர்க் போன்ற தளங்களிலும் விண்ணப்பங்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் தொடக்க வரிகள்தான் வேலை கொடுப்பவர் கண்ணில் படும். அந்தச் சிறிய இடத்தைப் பெயரும் அனுபவமும் பிடித்துக்கொண்டால் அவர் திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

இதைவிட மோசமானது, வாட்ஸ்அப்பில் "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. எதற்கு என்று தெரியாத ஹாய்க்கு வேலையில் இருக்கும் யாரும் பதில் போடுவதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனம். பொருட்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் ஒரு புகைப்படக்காரர் அவர்களுக்கு எழுத வேண்டும். "தரமான படங்களை நியாயமான விலையில் எடுத்துத் தருகிறேன்" என்று அவர் எழுதலாம். அதைப் படித்து யாரும் போனை எடுக்கப்போவதில்லை. அதற்குப் பதில், எழுதுவதற்கு முன் ஒரு கால்மணி நேரம் வாடிக்கையாளர் மாதிரி போனில் அந்தத் தளத்தைத் திறந்து, எண்ணெய் வாங்கப் போகிறவர் போலவே பார்க்கட்டும். ஒரு லிட்டருக்கும் ஐந்து லிட்டருக்கும் ஒரே படம் இருப்பது கண்ணில் படும். பெரிதாக்கினால் லேபிளில் உள்ள எழுத்து மங்குகிறது. இப்போது எழுதலாம்:

"வணக்கம் சார். உங்கள் கடலை எண்ணெய் ஒரு லிட்டருக்கும் ஐந்து லிட்டருக்கும் ஒரே பாட்டில் படம்தான் வருகிறது. ஐந்து லிட்டர் டின்னில் வருமா, கேனில் வருமா என்று வாங்குகிறவருக்குத் தெரியவில்லை."

இதைப் படித்ததும் உரிமையாளர் செய்கிற முதல் காரியம், தன் தளத்தைத் திறந்து பார்ப்பது. சொன்னது உண்மை என்று அவர் கண்ணாலேயே கண்டுவிடுகிறார். எழுதியவர் நம் கடையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்பதும் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்லும் அனுபவத்துக்குத்தான் மதிப்பு. அதையும் ஒரே வரியில், மாதிரிக்கு ஒரு படத்தோடு முடித்துக்கொள்ளலாம். கடைசியில், "இந்த ஒரு பொருளுக்கு மட்டும் படம் எடுக்க என்ன செலவாகும் என்று அனுப்பட்டுமா?" என்று கேட்டால், "அனுப்புங்க" என்ற ஒற்றைச் சொல்லே அவருக்குப் போதும்.

குறையைச் சொல்லும் தொனியில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். "உங்கள் படங்கள் சரியில்லை" என்று எழுதினால், அந்தப் படங்களை எடுத்தது அவருடைய மகனாகவே இருக்கலாம்! வாங்குகிறவருக்கு என்ன தெரியவில்லை என்பதை மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது. "உங்கள் தளத்தில் நிறையப் பிழைகள் உள்ளன" என்று மிரட்டும் மொட்டை வரியும் வேண்டாம். தளம் வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதிரி மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன, திறக்காமலே அழித்துவிடுவார்கள். "அருமையான தளம் சார்" என்ற புகழ்ச்சியும் அந்தக் கணக்கில்தான் சேரும். இன்னொன்று, அனுப்பும் நாளில் தளத்தை மறுபடி பாருங்கள். அவர்கள் போன வாரமே படத்தை மாற்றியிருந்தால் உங்கள் வரி பொய்யாகிவிடும்.

வேலைக்கு ஆள் தேவை என்று அவர்களே விளம்பரம் கொடுத்திருந்தால் குறை தேட வேண்டியதில்லை. சிக்கலை அவர்களே சொல்லியிருப்பார்கள். ஒரு நேர்காணல் வீடியோவுக்கு சப்டைட்டில் போட வேண்டும், இரண்டு பேர் குறுக்கே குறுக்கே பேசுவார்கள் என்று விளம்பரம் சொல்கிறது என்றால், "இருவரும் சேர்ந்து பேசும் இடங்களில் ஒவ்வொருவர் வரிக்கும் முன்னால் சிறுகோடு போட்டுத் தனித்தனியாகக் காட்டிவிடலாம்" என்று தொடங்குங்கள். வேலை தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளாமலே தெரிந்துவிடும். விளம்பரத்தைக் கடைசி வரைக்கும் படிப்பதும் முக்கியம். "விண்ணப்பத்தை 'மாம்பழம்' என்ற சொல்லோடு தொடங்கவும்" என்பது போல ஏதாவதொன்றைச் சிலர் அடியில் எழுதி வைப்பார்கள். யார் முழுதாகப் படித்தார்கள் என்று பார்க்கத்தான் அது.

இவ்வளவு செய்தும் பதில் வராமல் போகலாம். அவர்களுக்கு இப்போது தேவை இல்லாதிருக்கலாம், பணம் இல்லாதிருக்கலாம். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் முதல் வரியை அப்படியே பக்கத்துக் கடைக்காரருக்கு அனுப்ப முடிகிறதா? முடிந்தால், அதை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.